விபத்து நாளில் செல்லுபடியா? ஓசூர் எல்லையில் லைசென்ஸையும் ஆர்சியையும் படிப்பது

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஓர் ஓட்டுநரின் லைசென்ஸையும் வண்டியின் ஆர்சியையும் இரண்டு விதமானவர்கள் படிக்கிறார்கள். ஜூஜூவாடியிலோ அத்திப்பள்ளியிலோ வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் அதிகாரி முதலாமவர். அவருக்கு இன்றைய தேதிதான் கணக்கு. இன்று லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா, இன்று எஃப்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இரண்டாமவர், விபத்து நடந்து ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்துக்காக நிற்கும் வழக்கறிஞர். விபத்து நடந்த அந்த ஒரு நாளில், அந்த வண்டியை ஓட்ட அந்த ஓட்டுநருக்கு உரிமை இருந்ததா என்பது மட்டுமே அவருடைய கேள்வி. இன்று அட்டை செல்லுபடியாக இருப்பது அவருக்குப் பதில் ஆகாது.

பெரும்பாலான உரிமையாளர்கள் முதலாமவருக்காக மட்டுமே ஆவணங்களைப் பார்த்து வைக்கிறார்கள். சிப்காட் பகுதியில் ஒப்பந்த வண்டி ஓட்டுபவர்களிடம் லைசென்ஸ் ஜெராக்ஸ் ஒன்றை வாங்கி ஃபைலில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு அட்டைகளிலும் இருப்பது ஒரே ஒரு தேதி அல்ல. ஒவ்வொரு தேதியும் வெவ்வேறு கேள்விக்கான விடை. எது எதற்கான விடை என்று தெரிந்தால்தான் இரண்டாமவரின் கேள்விக்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க முடியும்.

லைசென்ஸிலிருந்து தொடங்கலாம். 2019 அக்டோபர் முதல் நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பில் அட்டை என்று மத்திய அரசு விதி வகுத்தது. அதன்படி வந்த அட்டையின் முன்பக்கத்தில் எண், பெயர், பிறந்த தேதி, முகவரி, ரத்தப் பிரிவு இவற்றோடு அட்டை வழங்கிய தேதியும் முதன்முதலில் லைசென்ஸ் கிடைத்த தேதியும் தனித்தனியாக இருக்கும். பழைய அட்டையைப் புதுப்பித்தாலோ முகவரி மாற்றினாலோ வழங்கிய தேதி புதிதாகிவிடும். முதல் தேதி மாறாது. லைசென்ஸ் எண்ணிலேயே இந்த முதல் ஆண்டு பொதிந்திருக்கிறது. TN70 என்பது ஓசூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், TN24 என்பது கிருஷ்ணகிரி. அதற்கடுத்த நான்கு இலக்கங்கள் முதலில் வழங்கிய ஆண்டு, பிறகு ஏழு இலக்க வரிசை எண். ஒருவர் "பத்து வருட அனுபவம்" என்று சொல்லி வேலைக்கு வரும்போது இந்த நான்கு இலக்கங்களைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இனி செல்லுபடித் தேதிகள். NT என்ற எழுத்துகளுக்கு எதிரே ஒரு தேதியும் TR என்ற எழுத்துகளுக்கு எதிரே இன்னொரு தேதியும் இருக்கும். முன்னது சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கானது, பின்னது போக்குவரத்து வாகனங்களுக்கானது. இரண்டும் வெவ்வேறு கணக்கில் ஓடுகின்றன. 2019 திருத்தச் சட்டத்துக்குப் பிறகு NT தேதி, லைசென்ஸ் வழங்கும்போதோ புதுப்பிக்கும்போதோ ஒருவருக்கு என்ன வயது என்பதைப் பொறுத்தது. முப்பது நிறையாதவருக்கு நாற்பது வயது வரை, முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் இருப்பவருக்குப் பத்து ஆண்டு, ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் இருப்பவருக்கு அறுபது வயது வரை, அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டு. அதற்கு முன் வாங்கியவர்களுக்கு இருபது ஆண்டு அல்லது ஐம்பது வயது, இதில் எது முந்துகிறதோ அதுவரை என்ற பழைய கணக்கு. அவர்களின் அட்டையில் அந்தப் பழைய தேதியே தொடர்கிறது. TR தேதி முன்பு மூன்று ஆண்டாக இருந்தது, இப்போது ஐந்து ஆண்டு.

அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது. தேதி முடிந்த பிறகும் முப்பது நாள் லைசென்ஸ் நடப்பில் இருப்பதாகக் கொள்ளும் சலுகையை எடுத்துவிட்டது. இன்று ஓராண்டுக்குள் போனால் தேர்வில்லாமல் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் புதுப்பித்த நாளிலிருந்துதான் அது உயிர் பெறும். இடைப்பட்ட நாள்களுக்கு லைசென்ஸ் இல்லை. "ஒரு வருஷம் டைம் இருக்கு" என்று ஓட்டுநர்கள் சொல்வது புதுப்பிக்கும் அவகாசத்தைப் பற்றியது, ஓட்டும் உரிமையைப் பற்றியது அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் நஷ்டம்தான் இந்த வட்டாரத்தில் மிகப் பெரியது என்பது என் எண்ணம்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்த்துவிடலாம். கற்பனையான ஓர் ஓட்டுநர். பிறந்தது 15-06-1988. ஓசூரில் 10-03-2009 அன்று லைசென்ஸ் எடுத்தார், அப்போது வயது இருபது. இருபது ஆண்டுக் கணக்கில் அவருடைய NT தேதி 09-03-2029. பிறகு லாரி ஓட்டுவதற்காக 12-10-2019 அன்று போக்குவரத்து வாகன வகையைச் சேர்த்தார். TR தேதி 11-10-2024. அந்தத் தேதி வந்ததைக் கவனிக்கவில்லை. எங்கோ கேட்டபோதுதான் நினைவுக்கு வந்து 20-02-2025 அன்று புதுப்பித்தார். இப்போது கையில் இருக்கும் அட்டையில் TR 19-02-2030 என்று இருக்கிறது. பார்க்க எந்தக் குறையும் இல்லாத அட்டை.

2025 ஜனவரி 8 அன்று சூளகிரி அருகே தேசிய நெடுஞ்சாலை 44-இல் அவர் ஓட்டிய லாரி ஒரு இருசக்கர வண்டியில் மோதியது என்று வைத்துக்கொள்வோம். லாரியின் மொத்த எடை 16 டன். உரிமையாளர் தீர்ப்பாயத்தில் புது அட்டையின் நகலைக் கொடுக்கிறார். காப்பீட்டு நிறுவனம் லைசென்ஸ் வழங்கிய அலுவலகத்திலிருந்து விவரச் சான்று வாங்கி வைக்கிறது. அதில் 12-10-2024 முதல் 19-02-2025 வரை போக்குவரத்து வகைக்கு இடைவெளி இருப்பது தெரிகிறது. விபத்து நாள் அந்த இடைவெளிக்குள் விழுகிறது. 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழியின்படி, இப்படிப்பட்ட நிலையிலும் பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனமே முதலில் பணம் கட்டும்படி தீர்ப்பாயம் சொல்லலாம். ஆனால் அந்தத் தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஒற்றை லாரி வைத்துப் பிழைப்பவருக்கு அது லாரியின் விலையையே மிஞ்சக்கூடும்.

இந்த இடைவெளியை அட்டையைப் பார்த்தே பிடிக்க ஒரு வழி இருக்கிறது. TR தேதிக்கு அடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டைக் கழித்தால் கடைசியாகப் புதுப்பித்த நாள் கிடைக்கும். மேற்சொன்ன அட்டையில் அது 20-02-2025. பழைய அட்டையின் முடிவு 11-10-2024. புதுப்பித்த நாள் பழைய முடிவுத் தேதிக்கு முன்னால் விழுந்தால் தொடர்ச்சி இருக்கிறது, பின்னால் விழுந்தால் இடைவெளி இருக்கிறது. ஆகவே ஓட்டுநர் புது அட்டை கொண்டுவரும்போது பழைய அட்டையின் நகலைத் தூக்கிப்போடாமல் இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவர்தான் கணக்குப் பார்க்க முடியும்.

அதே நாளில் அதே ஓட்டுநர் லாரிக்குப் பதிலாக ரோஜாப்பூ மூட்டைகளோடு ஒரு சிறிய பிக்கப்பை ஓட்டியிருந்தால் முடிவு தலைகீழாக மாறியிருக்கும். காரணம் எடை. மோட்டார் வாகனச் சட்டத்தில் இலகு ரக வாகனம் என்பதற்கு இருக்கும் விளக்கத்திலேயே 7,500 கிலோவுக்கு மிகாத போக்குவரத்து வாகனமும் அடங்கும். ஆனாலும் நெடுங்காலம் LMV என்று மட்டும் இருக்கும் லைசென்ஸோடு சரக்கு வண்டியோ மஞ்சள் போர்டு வண்டியோ ஓட்டியவருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கையை விரித்தன. போக்குவரத்து வாகனம் என்ற தனிப் பதிவு லைசென்ஸில் இல்லை என்பது அவர்கள் வாதம். 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பைச் சந்தேகித்து விஷயம் பெரிய அமர்வுக்குப் போனது. 2024 நவம்பர் 6 அன்று பஜாஜ் அலையன்ஸ் எதிர் ரம்பா தேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு விடை சொன்னது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் போக்குவரத்து வாகனத்தை ஓட்ட LMV லைசென்ஸ் போதும், தனிப் பதிவு தேவையில்லை. அதற்கு மேற்பட்ட எடைக்குத்தான் போக்குவரத்து வகையும் அதற்கான கூடுதல் தகுதிகளும். நம் ஓட்டுநரின் LMV 2029 வரை உயிரோடு இருப்பதால், TR இடைவெளி பிக்கப் வண்டிக்கு ஒரு பொருட்டே இல்லை.

இந்தத் தீர்ப்பு ஓசூருக்கு எவ்வளவு பெரியது என்பதை இங்கே ஓடும் வண்டிகளைப் பார்த்தாலே புரியும். ராயக்கோட்டைத் தக்காளி, ஓசூர்ப் பூ, தொழிற்சாலைகளுக்கிடையே போய்வரும் உதிரிபாகம் எல்லாமே பெரும்பாலும் டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், பொலேரோ பிக்கப் போன்ற சிறு வண்டிகளில்தான் போகின்றன. இவற்றின் மொத்த எடை 7,500 கிலோவை நெருங்குவதே இல்லை.

ஆனால் எந்த எடையைப் பார்ப்பது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஆர்சியில் இரண்டு எடைகள் இருக்கும். காலி வண்டியின் எடை ஒன்று, சரக்கோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இன்னொன்று. கார், டிராக்டர், ரோடு ரோலர் ஆகியவற்றுக்குச் சட்டம் காலி எடையைப் பார்க்கிறது. சரக்கு வண்டிக்கும் பயணிகள் வண்டிக்கும் மொத்த எடையைப் பார்க்கிறது. காலி எடை 4,200 கிலோ, மொத்த எடை 10,700 கிலோ என்று இருக்கும் லாரியில் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "ஏழரை டன்னுக்குள்ளதானே, எல்எம்வி போதும்" என்று ஆளை ஏற்றினால் அது தவறு. இந்த எல்லையை ஒட்டியே 7,490 கிலோ என்று மொத்த எடை குறித்த மாடல்களும் சந்தையில் இருப்பதால், வண்டியின் உருவத்தைப் பார்த்து முடிவுக்கு வர முடியாது. ஆர்சியில் அச்சாகியிருக்கும் எண்தான் பேசும்.

ரம்பா தேவி தீர்ப்பு அபாயகரமான பொருள்களை ஏற்றும் வண்டிகளைத் தொடவில்லை. கரைப்பான்கள், அமிலங்கள், எரிவாயு சிலிண்டர்கள் ஏற்றிவரும் வண்டி சிறியதாக இருந்தாலும் அதன் ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சியும் லைசென்ஸில் தனிக் குறிப்பும் வேண்டும். புதிய அட்டையின் பின்பக்கத்தில் இதற்கென்று Hazardous Validity என்ற கட்டமே இருக்கிறது. அது மூன்று ஆண்டு ஓடும். TR தேதி 2030 என்று இருந்தாலும் இந்தக் கட்டம் வெறுமையாகவோ காலாவதியாகவோ இருந்தால் ரசாயன டிரம் ஏற்றிய வண்டியை அவர் எடுக்கக் கூடாது. பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை, ஜெராக்ஸும் பல சமயம் முன்பக்கத்தோடு நின்றுவிடுகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எந்தெந்த வகை எந்தத் தேதியில், எந்த அலுவலகத்தில் சேர்ந்தது என்ற அட்டவணையும் பேட்ஜ் எண்ணும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

அட்டையில் எந்தப் பக்கத்திலும் தெரியாத ஒன்றும் உண்டு, அது தற்காலிக ரத்து. குடித்துவிட்டு ஓட்டியதற்கோ ஆபத்தாக ஓட்டியதற்கோ லைசென்ஸைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கும் உத்தரவு போனால் அது சாரதி என்ற மத்தியக் கணினிப் பதிவில் ஏறிவிடும். ஆளிடம் பழைய நகலோ இன்னொரு அட்டையோ இருந்தால் அது அப்பழுக்கில்லாமல்தான் தெரியும். parivahan.gov.in தளத்தில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்துப் பார்த்தால் தற்போதைய நிலை தெரிந்துவிடும். வேலைக்கு எடுக்கும் அன்று ஒரு முறை, பிறகு அவ்வப்போது பார்ப்பது நல்லது. கணினிக்கு முந்தைய காலத்துப் பழைய லைசென்ஸ் அங்கே காட்டவில்லை என்பதாலேயே அதைப் போலி என்று சொல்லிவிட முடியாது. அலுவலகப் பதிவேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றப்படாமல் விட்டுப்போனதாக இருக்கலாம். வழங்கிய அலுவலகத்தில் கேட்டு ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இப்போது ஆர்சி. இங்கேயும் ஒரு வண்டியையே பின்தொடர்வோம். பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் பதிவான, KA 51 என்று தொடங்கும் ஒரு சரக்கு பிக்கப். பதிவு தேதி 18-08-2021, மொத்த எடை 2,960 கிலோ. அதை 2025 ஜூலையில் ஓசூரில் பூ வியாபாரத்துக்கு வண்டி ஓட்டும் ஒருவர் வாங்குகிறார். இதுவும் கற்பனைதான். ஆனால் இப்படிப் பெங்களூருவிலிருந்து கைமாறி வரும் வண்டிகள் இங்கே ஏராளம்.

முதலில் அவர் பதிவு எந்நாள் வரை செல்லும் என்று தேடுவார். சொந்தக் கார், பைக் என்றால் பதினைந்து ஆண்டு என்று ஒரு தேதி இருக்கும், அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். சரக்கு வண்டிக்கு அப்படியில்லை. பதிவுச் செல்லுபடிக்கு நேரே As per Fitness என்று மட்டும் இருப்பதைப் பல ஆர்சிகளில் பார்க்கலாம். தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம் செல்லுபடியாகப் பதிவானதாகக் கருதப்படாது என்பது சட்டத்தின் 56-ஆம் பிரிவு. அதாவது எஃப்சி முடிந்த அன்றே ஆர்சியும் முடிந்த மாதிரிதான். புது வண்டிக்கு முதல் எஃப்சி இரண்டு ஆண்டு. வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டிரண்டு ஆண்டு, அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை. நம் வண்டிக்கு முதல் எஃப்சி 17-08-2023 வரை. உரிய நேரத்தில் புதுப்பித்திருந்தால் அடுத்தது 17-08-2025 வரை. ஜூலையில் வாங்குகிறவர் கையில் ஒரு மாதமே இருக்கிறது. விலை பேசும்போதே இதைப் பேசியிருக்க வேண்டும், ஏனென்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்துவதற்குள் பார்க்க வேண்டிய பட்டறை வேலை எவ்வளவு என்பது அந்த ஒரு மாதத்தில்தான் தெரியும்.

அடுத்தது வண்டி அதுதானா என்ற கேள்வி. சேஸிஸ் எண்ணை ஆர்சியில் பார்த்துவிட்டுச் சேஸிஸில் அடித்திருக்கும் எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட வேண்டும். இப்போதைய வண்டிகளில் அது பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்டது. அதில் I, O, Q ஆகிய மூன்று எழுத்துகள் உலகம் முழுக்கத் தவிர்க்கப்படுகின்றன, ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பும் என்பதற்காக. ஆகவே ஆர்சியிலோ சேஸிஸிலோ O என்ற எழுத்து இருந்தால் தட்டச்சுப் பிழையோ அதைவிட மோசமான ஒன்றோ நடந்திருக்கிறது. முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைச் சொல்லும். அசோக் லேலண்டுக்கு MB1, டிவிஎஸ் மோட்டாருக்கு MD6. ஆர்சியில் தயாரிப்பாளர் ஒருவர், சேஸிஸ் எண்ணின் தொடக்கம் வேறொருவர் என்று இருந்தால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடலாம். துரு ஏறிய இடத்தில் மட்டும் புதிதாகச் சுரண்டியது போலவோ எழுத்துகளின் ஆழம் ஒன்றுக்கொன்று மாறியோ இருந்தாலும் அப்படியே.

தயாரித்த மாதமும் ஆண்டும் ஒரு கட்டத்தில், பதிவு தேதி இன்னொரு கட்டத்தில், அட்டை அச்சிட்ட தேதி மூன்றாவதாக இருக்கும். பெயர் மாற்றியோ தொலைந்துபோய் நகல் வாங்கியோ வந்த அட்டையில் மூன்றாவது தேதி மிகப் புதிதாக இருப்பதைக் காட்டி, வண்டியே புதிது என்று விற்பவர் சொல்வதுண்டு. வயதுக் கணக்குப் பதிவு தேதியிலிருந்து ஓடுகிறது. உரிமையாளர் வரிசை எண் 2 என்றால் பெயர் இருப்பவர் இரண்டாவது கை, வாங்குபவர் மூன்றாவது கை.

நிதி நிறுவனத்தின் பெயர் ஒரு கட்டத்தில் இருந்தால் வண்டியின் மேல் கடன் பதிவாகியிருக்கிறது என்று பொருள். கடனைக் கட்டி முடித்ததும் அந்தப் பெயர் தானாகப் போகாது. நிதி நிறுவனம் படிவம் 35-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அதை அலுவலகத்தில் கொடுத்து ஹெச்பி கேன்சல் செய்தால்தான் போகும். கடனே இல்லை என்று சொல்பவர்களின் ஆர்சியிலும் ஐந்தாறு ஆண்டுக்கு முன்பு கட்டி முடித்த நிறுவனத்தின் பெயர் அப்படியே நின்றுகொண்டிருப்பது சாதாரணம். அந்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்துவிட்டிருந்தால் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு. பணம் கைமாறும் முன்பே இது தீர வேண்டும்.

பெயர் மாற்றம் செய்யாமல் ஓட்டலாமா என்பது எல்லைப் பகுதியில் எப்போதும் கேட்கும் கேள்வி. விற்றவர் பெங்களூருவில், வாங்கியவர் ஓசூரில், இரண்டு மாநில அலுவலகங்களுக்கும் அலைய வேண்டும் என்பதால் படிவம் 29, 30-இல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இதில் முதலில் மாட்டிக்கொள்பவர் விற்றவர். 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று சொன்னது. பெங்களூருவில் வண்டியை விற்று மறந்துவிட்டவருக்குக் கிருஷ்ணகிரி தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் போகும். வாங்கியவருக்கும் தொல்லை குறைவில்லை. எஃப்சி புதுப்பிக்கவும் காப்பீட்டுத் தொகை கேட்கவும் பதிவேட்டில் இருப்பவரைத் தேடிப் போக வேண்டும்.

சரியான வழி நீளமானது, ஆனால் தெளிவானது. விற்றவர் எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து, ஓசூருக்கு மாற்றிக்கொள்ள என்ஓசி வாங்க வேண்டும். கடன் பதிவு இருந்தால் நிதி நிறுவனத்தின் சம்மதமும் கூடவே தேவை. வெளிமாநிலத்துக்குப் போகும் விற்பனையை விற்றவர் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். ஓசூர் அலுவலகத்தில் என்ஓசியோடு போய், தமிழ்நாட்டு வரி கட்டி, வண்டியைக் காட்டி TN 70 எண் வாங்கும்போது ஆர்சியில் பதிவு எண் மாறும், உரிமையாளர் வரிசை எண் ஒன்று கூடும். முதல் பதிவு தேதியும் தயாரிப்பு மாதமும் சேஸிஸ் எண்ணும் மாறக்கூடாது. புது ஆர்சி கைக்கு வந்ததும் இந்த மூன்றும் பழைய அட்டையில் இருந்தபடியே இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிழையை அன்றே சொன்னால் திருத்துவது எளிது, மூன்று ஆண்டு கழித்து வேறொருவருக்கு விற்கப் போகும்போது சொன்னால் விளக்கம் கொடுத்தே களைத்துப் போவோம்.

வண்டியை விற்கவில்லை, எல்லையைத் தாண்டி ஓட்ட மட்டும் செய்கிறோம் என்பவர்களுக்குச் சட்டம் வேறு. லைசென்ஸும் பதிவும் நாடு முழுவதும் செல்லும். ஓசூரில் குடியிருந்து TN 70 பைக்கில் தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர் கர்நாடக எண் வாங்க வேண்டியதில்லை. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் புதிய எண் வாங்க வேண்டும் என்று 47-ஆம் பிரிவு சொல்கிறது. வரி மாநில விஷயம் என்பதால் அங்கேதான் உரசல். கர்நாடகம் 2014-இல் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, முப்பது நாளுக்கு மேல் அங்கே ஓடும் வெளிமாநில வண்டிக்கு வாழ்நாள் வரி கேட்டது. ஓசூர்க்காரர்கள் பலருக்கு அந்த நாள்களில் அத்திப்பள்ளியைத் தாண்டுவதே பயமாக இருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் பின்னர் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது.

ஆனால் பன்னிரண்டு மாதம் என்பதை எப்படிக் கணக்கிடுவது? ஆர்சியில் இருக்கும் முகவரிதான் முதல் சான்று. ஓசூரிலிருந்து சந்தாபுராவுக்கு வீடு மாறிப் போனவர், முகவரி மாற்றாமல் TN 70 வண்டியை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தால், அட்டை ஓசூர் என்று சொல்வது அவரைக் காப்பாற்றாது. வீட்டு வாடகை ஒப்பந்தமும் பணியிட முகவரியும் வேறு கதை சொல்லும். நிஜமாகவே ஓசூரில் இருப்பவருக்கு மாலையில் எல்லை தாண்டித் திரும்பியதைக் காட்டும் ஃபாஸ்டேக் பதிவும், ஓசூர்ச் சர்வீஸ் சென்டர் பில்களும், ஆர்சியில் இருக்கும் அதே முகவரிக்கு வரும் மின்கட்டணமும் பெரிய துணை. ஆர்சி முகவரி மாறினால் முப்பது நாளுக்குள் படிவம் 33-இல் தெரிவிக்க வேண்டும் என்ற விதியைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். எல்லையோரத்தில் அது வெறும் முகவரி அல்ல, எந்த மாநிலத்துக்கு வரி கட்டக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதற்கான ஆதாரம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின் ஸ்கூட்டர்கள் பெருகிவிட்டதால் அவற்றின் ஆர்சியைப் பற்றியும் ஒரு சொல். எஞ்சின் எண்ணுக்குப் பதிலாக மோட்டார் எண் இருக்கும், சிசி கட்டம் காலியாகவோ பூஜ்யமாகவோ இருக்கும். அதைப் பிழை என்று நினைக்க வேண்டாம். 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் கொண்ட ஸ்கூட்டருக்கு மட்டும் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. கடைக்காரர் "ஆர்சி வேண்டாத வண்டி" என்று விற்பது அதைவிட வேகமாக ஓடினால், பதிவில்லாத மோட்டார் வாகனம்தான் அது.

அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. டிஜிலாக்கரிலும் எம்பரிவாஹனிலும் இருக்கும் ஆவணங்களை ஏற்க வேண்டும் என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. ஜூஜூவாடியில் நிற்கும் அதிகாரிக்கு அது போதும். ஆனால் கைப்பேசித் திரை காட்டுவது இன்றைய நிலையை மட்டும். தீர்ப்பாயத்துக்கு வேண்டியது குறிப்பிட்ட ஒரு பழைய நாளின் நிலை. ஆகவே வண்டி வைத்திருப்பவர் ஒவ்வொரு ஓட்டுநரின் லைசென்ஸையும் இரு பக்கமும் படியெடுத்து, வேலையில் சேர்ந்த அன்று இணையத்தில் பார்த்த நிலையை அச்செடுத்து, NT, TR, அபாயப் பொருள் ஆகிய மூன்று தேதிகளையும் தனித்தனியே எழுதி, எதிரே எந்த எடை வண்டி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்றும் குறித்து வைக்க வேண்டும். TR முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். ஓட்டுநர் ஒரு நாள் விடுப்பு கேட்டால் அந்த நாளின் கூலியைக் கொடுத்தே அலுவலகத்துக்கு அனுப்பலாம். புது அட்டை வந்ததும் பழையதன் நகலை அதே தாளோடு சேர்த்துக் குத்தி வைக்க வேண்டும்.